வினோத உடை: புனைகோலம் என்றும் சொல்லலாம்

வன்னியில் முன்பள்ளி விளையாட்டு விழாவோ பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டியோ வந்தால், அழைப்பிதழின் நிகழ்ச்சி நிரலில் ‘வினோத உடை’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். தமிழ்நாட்டில் இதே போட்டியை ‘மாறுவேடப் போட்டி’ என்பார்கள். இரண்டும் ‘பான்சி டிரஸ்’ என்ற ஆங்கிலத் தொடருக்கு வந்த தமிழ்ப் பெயர்கள்தான்.

‘பான்சி’ என்றதும் நமக்குப் பான்சிக் கடையும் மினுங்கும் வளையலும் நினைவுக்கு வருகின்றன. அந்த ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருள் பகட்டு அல்ல, கற்பனை. ‘பாண்டசி’ என்ற சொல் தேய்ந்து ‘பான்சி’ ஆனது. அதற்கும் முந்திய வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், விருந்து நடனங்களுக்கு ஒருவர் தன் மனம்போல் ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்து உடுத்திப் போன உடைக்கே அந்தப் பெயர் வழங்கியது. ஆக, விலை கூடிய உடை என்பது அதன் பொருளில் எங்குமே இல்லை.

‘வினோதம்’ வடமொழியின் ‘விநோத’ என்பதிலிருந்து வந்தது. பொழுதுபோக்கு, மகிழ்ச்சி என்பது அதன் பொருள். சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் கூத்தைச் சாந்திக்கூத்து, விநோதக்கூத்து என்று பிரிக்கும்போது அந்தப் பழைய பொருளில்தான் சொல்கிறார். காலப்போக்கில் நம் பேச்சில் வினோதம் என்றால் விசித்திரம் என்றாகிவிட்டது. அதனால் ‘வினோத உடை’ என்று கேட்ட தாய்மார், யாரும் போடாத விசித்திர உடையைத் தேடி வாடகைக்கு எடுக்க ஓடுகிறார்கள். ‘மாறுவேடம்’ என்ற சொல்லில் வேறொரு சிக்கல் உண்டு. அரசன் இரவில் நகர்வலம் போக மாறுவேடம் பூண்டது, தன்னை எவரும் அடையாளம் காணக்கூடாது என்பதற்காக. மைதானத்தைச் சுற்றி நடந்து வரும் பிள்ளையையோ பார்த்தவுடனே இன்னார் என்று நடுவர் அடையாளம் காணவேண்டும்.

எனக்குப் பிடித்த சொல் ‘புனைகோலம்’. புனைதல் என்றால் அலங்கரித்தல், கற்பனையால் ஆக்குதல் இரண்டும்தான். பூப்புனைவதும் கதை புனைவதும் ஒரே வினை. கோலம் என்றால் தோற்றம். ஆங்கிலத் தொடரின் கற்பனையும் உடையும் அதற்குள் ஒருங்கே வந்துவிடுகின்றன. ‘கோலப் போட்டி’ என்று மட்டும் எழுதினால் மாக்கோலத்தோடு குழம்பும், ஆகவே ‘புனை’யை விடக்கூடாது. அன்றாடப் பேச்சுக்கு ‘வேடம்’ போதும். அதுவும் வடமொழி வழி வந்ததுதான், ஆனால் ‘வேசம் கட்டுறது’ என்று நம் கூத்துக் களரியில் ஊறிப்போன சொல். உடை என்றால் ‘என்ன உடுத்துவது’ என்று கேட்போம். வேடம் என்றால் ‘யாராக வருவது’ என்று கேட்போம். வீட்டில் இருப்பதை வைத்து யோசனை சொல்லும்போது இந்த இரண்டாவது கேள்விதான் உதவும்.

புதுக்குடியிருப்புப் பக்கத்துத் தாய் ஒருவர், மூன்றாம் வகுப்பு மகனுக்கு என்ன வேடம் போடலாம் என்று கேட்டு வைபரில் ஒரு படம் அனுப்பியிருந்தார். பாய் மேல் தகப்பனின் பச்சைக் கட்டம் போட்ட சாரம், சிவப்புத் துவாய், மினுங்கும் சட்டை, பிளாஸ்டிக் வாள், கறுப்புக் கண்ணாடி, பனையோலை உமல், ஒரு கம்பு, மண் முட்டி, கார்த்திகை விளக்கீட்டில் மிஞ்சிய சுட்டிகள்.

“அக்கா, பெடியன் வாளைக் கண்டவுடனே பண்டாரவன்னியன்தான் எண்டு நிக்கிறான்” என்றார்.

“வாளைக் கொஞ்சம் தள்ளி வையுங்கோ தங்கச்சி. அந்தக் கம்பு அவன்ர தோளுக்கு வருமோ?” என்று கேட்டேன்.

பண்டாரவன்னியன் நம் மண்ணின் மன்னன். 1803இல் கற்சிலைமடுவில் அவன் தோல்வியுற்றதைச் சொல்லும் கல்லும் அங்கே நாட்டப்பட்டது. வேடத்துக்கு மிகவும் பொருத்தமானவன்தான். ஆனால் இந்தப் படத்தில் அவனுக்கென்று இருப்பது ஒரு வாள் மட்டும். கிரீடம், மார்புக் கவசம், மீசை எல்லாம் மட்டையில் வெட்டி ஒட்டவேண்டியவை. ஒட்டி முடித்தாலும், சங்கிலியனோ எல்லாளனோ பண்டாரவன்னியனோ என்று தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

படத்தில் துணியை விட்டு, கையில் பிடிக்கும் பொருளை முதலில் பார்க்கவேண்டும். கூத்தில் ஒரு பாத்திரம் களரிக்குள் வரும்போது வரவுப் பாட்டு அவர் யாரென்று சொல்லும். வாய் திறக்காமல் நடந்து போகும் பிள்ளைக்கு அந்த வேலையைக் கைப்பொருள்தான் செய்யும். இங்கே கம்பும் சாரமும் மாடு மேய்க்கும் சிறுவனைத் தந்தன. சுட்டி அவனுக்கு ஒரு கதையையும் தந்தது: வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் கதை.

மதுரையை எரித்த கண்ணகி கிழவி வடிவில் நந்திக்கடல் ஓரம் வந்தாள், மாடு மேய்த்த சிறுவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்தார்கள், இருட்டியபோது எண்ணெய் இல்லாததால் கடல்நீரை விட்டு விளக்கேற்றச் சொன்னாள், விளக்கு எரிந்தது என்பது ஐதீகம். வைகாசிப் பொங்கலுக்கு இன்றும் உப்புநீரில் விளக்கெரிப்பதால், முல்லைத்தீவில் இந்தக் கதை தெரியாத நடுவர் இருக்கமாட்டார். வேறு மாவட்டத்துப் போட்டியென்றால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

செய்த விதம் இது. பெரியவரின் சாரத்தை நீளவாட்டில் இரண்டாக மடித்தால் பையனுக்கு முழங்காலளவில் நிற்கும். உள்ளே களிசான் போட்டு, இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கயிறு தெரியாமல் மேல்விளிம்பை மடித்துவிடவேண்டும். நடக்கும்போது சாரம் கழன்றால் பிள்ளை அதைப் பிடிக்கக் கையிலிருப்பதை விட்டுவிடுவான். துவாய் தலைப்பாகை ஆனது. உமல் தோளில், கம்பு கக்கத்தில்.

சுட்டியில்தான் சிக்கல். படத்தில் பெரிதாகத் தெரிந்த சுட்டி உண்மையில் உள்ளங்கைக்குள் அடங்கியது. படம் அளவைச் சொல்லாது; பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து எடுக்கச் சொல்லியிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும். அதனால் முட்டியின் வாயில் சுட்டியை இருத்தி, செம்மஞ்சள் மட்டையில் ஒரு சாண் உயரச் சுடர் வெட்டி நிறுத்தினோம். துணி சுற்றிய பிள்ளையின் கையில் உண்மை நெருப்பு கூடவே கூடாது. மற்றக் கையில், வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் ஒரு துளி கலந்த தண்ணீர்ப் போத்தல். நீலத் தண்ணீரைக் கண்டதும் கடல் நினைவு வரும். நடுவர் மேசைக்கு முன்னால் நின்று அதைச் சுட்டிக்குள் சாய்ப்பதுபோல் பிடிக்கவேண்டும்.

வேடம் சரியா என்று பார்க்க, கதை சொல்லாமல் அயல்வீட்டுப் பிள்ளையை இருபது அடி தள்ளி நிறுத்தி ‘இது ஆர்?’ என்று கேட்கச் சொன்னேன். முதல்தடவை ‘மாட்டுக்காரப் பெடியன்’ என்றுதான் பதில் வந்தது. போத்தல் சாரத்தின் மடிப்போடு சேர்ந்து மறைந்திருந்தது. அதை நெஞ்சளவுக்கு உயர்த்திப் பிடித்தபிறகு, ‘அம்மன் கோயில் உப்புத்தண்ணி விளக்கு’ என்றான் அந்தப் பிள்ளை. மினுங்கும் சட்டையையும் கறுப்புக் கண்ணாடியையும் திரும்ப அலுமாரிக்குள் வைக்கச் சொல்லிவிட்டேன்.