மாட்டுத் தரகரின் மாடும் பால்காரரின் மாடும்: பங்கு லாபத்துக்கு ஏன் இரண்டு வரி?

சந்தையில் ஒரே நாளில் இரண்டு பேர் ஆளுக்கொரு கறவை மாடு வாங்குகிறார்கள். ஒருவர் பால்காரர். மாட்டைக் கொட்டகையில் கட்டி, தீனி போட்டு, தினமும் கறந்து விற்கப்போகிறார். இன்னொருவர் தரகர். அடுத்த வாரச் சந்தையில் ஐயாயிரம் கூடுதலாகக் கிடைத்தால் கைமாற்றிவிடுவார். மாடு ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். ஆனால் பால்காரருக்கு அது முதல், தரகருக்கோ சரக்கு. மூன்று வருடம் கழித்துப் பால்காரர் மாட்டை லாபத்துக்கு விற்றாலும், அவர் மாட்டு வியாபாரி ஆகிவிடுவதில்லை.

இந்திய வருமான வரிச் சட்டம் பங்குகளையும் இந்தக் கண்ணால்தான் பார்க்கிறது. மூலதனச் சொத்து எது என்று சொல்லும்போதே, வியாபாரத்துக்கு வைத்திருக்கும் சரக்கை அதிலிருந்து விலக்கிவிடுகிறது. ஆகவே பங்கு உங்களிடம் சரக்காக இருந்தால் லாபம் வணிக வருமானம்; முதலீடாக இருந்தால் மூலதன ஆதாயம். பங்கை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அதில் விடை இருக்காது. வைத்திருப்பவரைப் பார்க்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. வருமானம் என்றால் மரத்தில் காய்க்கும் பழம், மரத்தையே விற்றால் வரும் பணம் வருமானம் ஆகாது என்ற எண்ணம் வெகுகாலம் ஆட்சி செய்தது. பிரிட்டன் 1965 வரை மூலதன ஆதாயத்துக்கு முழுமையான வரி போடவில்லை. இந்தியாவில் நாற்பதுகளில் இரண்டு வருடம் போல இருந்துவிட்டுப் போன அந்த வரி, 1957 ஏப்ரலில்தான் நிலையாகத் திரும்பி வந்தது. பின்னால் ஒட்டவைத்த வரி என்பதால் அதற்கென்று தனி விகிதம், தனிக் கணக்கு. வணிக வருமானம் மட்டும் பழைய பாதையிலேயே, மற்ற வருமானத்தோடு சேர்ந்து அடுக்கு விகிதத்தில் போகிறது.

சரி, ஒருவர் மனதில் இருந்தது முதலீடா வியாபாரமா என்று யார் எப்படிக் கண்டுபிடிப்பது? இதில் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு கோயம்புத்தூரில் பிறந்தது. ஜி. வெங்கடசாமி நாயுடு அண்ட் கோ என்ற நிறுவனம் ஜனார்தன மில்லை நடத்தித் தரும் நிர்வாக முகவராக இருந்தது. மில்லை ஒட்டி இருந்த நிலத்தை 1941, 1942 ஆண்டுகளில் நான்கு தடவையாக வாங்கியது. மொத்தச் செலவு சுமார் 8,713 ரூபாய். 1947இல் அதே மில்லுக்கு அந்த நிலத்தை 52,600 ரூபாய்க்கு விற்றது. நாங்கள் நில வியாபாரிகள் இல்லை, வாங்கிப் போட்டோம், விலை ஏறியது, விற்றோம் என்பது நிறுவனத்தின் வாதம்.

உச்ச நீதிமன்றம் 1958இல் அதை ஏற்கவில்லை. நிலத்தில் விவசாயம் செய்யும் எண்ணம் தெரியவில்லை. சொல்லிக்கொள்ளும்படி வருமானமும் வரவில்லை. மில் ஒருநாள் அந்த இடத்தைத் தேடி வரும் என்று நிர்வாக முகவருக்குத் தெரியாமல் இருக்குமா? வாங்கியதே விற்கத்தான் என்று முடிவாகி, லாபம் வணிகத்தன்மை கொண்ட முயற்சியின் வருமானம் ஆயிற்று. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நிலம் கையில் இருந்தது சுமார் ஐந்து வருடம் என்பது. நீண்ட காலம் வைத்திருந்தாலே முதலீடு என்று நாம் நினைக்கிறோமே, அந்த நினைப்பு இங்கே செல்லுபடியாகவில்லை. எத்தனை முறை வாங்கி விற்றார், கடன் வாங்கியா சொந்தப் பணமா, ஈவுத்தொகையை நம்பினாரா, கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதினார் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். தனியாக ஒன்று முடிவு செய்யாது.

இப்போது பங்குக்கு வருவோம். முப்பது சதவீத அடுக்கில் இருக்கும் ஒருவர், பட்டியலிட்ட பங்கை 3 லட்சத்துக்கு வாங்கி இரண்டு வருடம் கழித்து 5 லட்சத்துக்கு விற்கிறார். முதலீடு என்றால் 2 லட்சம் லாபத்தில் முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 75,000க்கு 12.5 சதவீதம், அதாவது 9,375 ரூபாய். வியாபாரம் என்றால் 60,000. மூன்றே மாதத்தில் விற்றிருந்தால் குறுகிய கால ஆதாயமாக 20 சதவீதம், 40,000 ரூபாய். செஸ் எல்லாம் தனி. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடப்பவை.

உடனே எல்லோருக்கும் முதலீட்டாளராக ஆசை வரும். ஆனால் வேறு வருமானமே இல்லாத ஒருவர், புதிய வரி முறையில், 2025-26இல் இப்படி 6 லட்சம் குறுகிய கால லாபம் பார்த்தால் கணக்கு தலைகீழாகும். மூலதன ஆதாயம் என்றால் அடிப்படை விலக்கு 4 லட்சம் போக 2 லட்சத்துக்கு 40,000 வரி. தனி விகிதத்தில் வரும் இந்த வரிக்கு 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி உதவாது. அதே பணம் வணிக வருமானம் என்றால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யம்.

வியாபாரிக்கு வேறு சில வசதிகளும் உண்டு. தரகு, இணையக் கட்டணம், கடன் வட்டி, பங்கு வாங்கி விற்கும்போது பிடிக்கும் பரிவர்த்தனை வரி எல்லாம் செலவில் கழியும். முதலீட்டாளருக்குப் பரிவர்த்தனை வரி கழியாது. நஷ்டத்திலும் வித்தியாசம் இருக்கிறது. வணிக நஷ்டத்தை அதே வருடத்தில் வாடகை, வட்டி வருமானத்தோடு நேர் செய்யலாம், சம்பளத்தோடு முடியாது. மூலதன நஷ்டத்துக்கு மூலதன ஆதாயம் மட்டுமே கதி.

இங்கேதான் சிலர் சாமர்த்தியம் காட்டுவார்கள். லாபம் வந்த வருடம் முதலீட்டாளர், நஷ்டம் வந்த வருடம் வியாபாரி! இதைத் தடுக்க மத்திய நேரடி வரிகள் வாரியம் 2016 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை விட்டது. பட்டியலிட்ட பங்கைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்து மூலதன ஆதாயம் என்று காட்டினால் அதிகாரி கேள்வி கேட்கமாட்டார். ஆனால் ஒருமுறை எடுத்த நிலையை அடுத்த வருடங்களில் மாற்றக்கூடாது. எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் சரக்கு என்று காட்டினால் அதையும் ஏற்பார்கள்.

இன்ட்ராடேவில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. காலையில் வாங்கி மாலையில் விற்றால் பங்கு உங்கள் டிமேட் கணக்குக்கு வருவதே இல்லை. அது ஊக வணிகம். அந்த நஷ்டத்தை ஊக வணிக லாபத்தோடு மட்டுமே கழிக்கலாம், அதுவும் நான்கு வருடத்துக்குள். பங்குச் சந்தையில் நடக்கும் எஃப் அண்ட் ஓ என்ற முன்பேர ஒப்பந்த வணிகம் ஊகம் போலத் தோன்றினாலும் சட்டப்படி சாதாரண வணிகம். அதன் நஷ்டம் எட்டு வருடம் தாங்கும், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால். இவற்றில் எதைச் செய்தாலும் ரிட்டர்னுக்கு ஐடிஆர்-2 படிவம் போதாது, ஐடிஆர்-3 வேண்டும். சம்பளக்காரர்கள் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மிச்சம் இருக்கும் சாம்பல் பகுதி, டெலிவரி எடுத்துச் சில வாரங்களில் விற்கும் பங்கு. வருடத்துக்கு நாலைந்து தடவை என்றால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். வாரத்துக்கு இருபது தடவை, அதுவும் கடன் பணத்தில் என்றால் முதலீடு என்று வாதாடுவது கஷ்டம். இரண்டையும் செய்பவர் இரண்டு டிமேட் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒருவரே முதலீட்டுக்குத் தனியாகவும் வியாபாரத்துக்குத் தனியாகவும் பங்கு வைத்திருக்கலாம் என்று வாரியமே 2007இல் சொல்லியிருக்கிறது. எந்தப் பங்கு எந்தக் கணக்கு என்பதை மட்டும் வாங்கும் அன்றே முடிவு செய்துவிட வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் லாப நஷ்டத்தைப் பார்த்த பிறகு பிரித்தால், நாயுடு கம்பெனியிடம் கேட்ட அதே கேள்வியை உங்களிடமும் கேட்பார்கள்.