பி.டி. சரியாக இருக்க, ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால்

மாலை ஆறரை மணி இருக்கும். அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து நீல மூடி போட்ட குழாய் ஒன்று வந்தது. 74 வயது அம்மா. கூட வந்த படிவத்தில், ‘இரண்டு வாரமாகக் கையிலும் தொடையிலும் பெரிய இரத்தக்கட்டு, எங்கும் விழவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அரைமணி நேரத்தில் இயந்திரம் இரண்டு எண்களைக் காட்டியது. பி.டி. எனும் புரோத்ராம்பின் நேரம் 12.4 விநாடி. ஏ.பி.டி.டி. எனும் செயலூட்டிய பகுதி திராம்போபிளாஸ்டின் நேரம் 84 விநாடி. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனைகள் இவை. எங்கள் ஆய்வகத்தில் முதலாவது 11 முதல் 13.5 வரையும், இரண்டாவது 26 முதல் 36 வரையும் இருந்தால் இயல்பு.

சிங்கப்பூர் மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்த உறைவுப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒன்று இயல்பு, மற்றொன்று இரண்டு மடங்குக்கும் மேல் என்றால் அந்தக் குழாயை அப்படியே அடுத்த வேலைக்குத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. முதலில் குழாயைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். அதில் 0.3 மில்லி சிட்ரேட் முன்பே இருக்கும். அதோடு 2.7 மில்லி இரத்தம் சேர வேண்டும். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்து இரத்தம் உறையாமல் காக்கிறது. சோதனையின்போது நாங்கள் கால்சியத்தைத் திரும்பச் சேர்க்கிறோம். குழாய் பாதிதான் நிரம்பியிருந்தால் மிஞ்சும் சிட்ரேட், நாங்கள் சேர்க்கும் கால்சியத்தையும் தின்றுவிடும். நோயே இல்லாமல் நேரம் நீளும். இந்தக் குழாய் கோடு வரை நிரம்பியிருந்தது. உள்ளே கட்டி எதுவும் இல்லை.

அடுத்த சந்தேகம், நரம்பில் செருகிய குழாயில் இரத்தம் உறையாமல் இருக்க விடும் ஹெப்பாரின் மருந்து. தொலைபேசியில் தாதியை அழைத்தேன்.

“அக்கா, லைன்லேருந்து எடுத்தீங்களா?”

“இல்லம்மா, கையிலதான் குத்தி எடுத்தேன். குத்தின இடம் இன்னும் நிக்கல. பஞ்சை வச்சு அழுத்திக்கிட்டே பேசுறேன்.”

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஹெப்பாரின் கலந்திருந்தால் திராம்பின் நேரம் என்ற மூன்றாவது சோதனையும் நீண்டிருக்கும். அதைப் பார்த்தேன், இயல்பாக இருந்தது. சரி, அப்படியானால் நீட்சி நோயாளியின் இரத்தத்தில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு சோதனைகளும் என்னதான் செய்கின்றன என்று சொல்லியாக வேண்டும். பி.டி.யை 1935இல் ஆர்மண்ட் குவிக் என்ற அமெரிக்க மருத்துவர் அறிமுகப்படுத்தினார். பிளாஸ்மாவில் திசுக்காரணி, கொழுப்பு, கால்சியம் மூன்றையும் ஒன்றாகச் சேர்ப்போம். காயம் பட்ட திசு வெளியே நீட்டும் தூண்டுகோல்தான் திசுக்காரணி. இரத்தத்தில் உறைவை நடத்தும் புரதங்களையும் காரணி என்றே சொல்லி, எண் கொடுத்து அழைப்போம். திசுக்காரணி ஏழாம் காரணியோடு சேர்ந்து நேராகப் பத்தாம் காரணியை எழுப்புகிறது. அதன்பின் ஐந்து, புரோத்ராம்பின், ஃபைப்ரினோஜன் என்று வரிசை போய் உறைவில் முடிகிறது. ஆக பி.டி. இயல்பு என்றால் அந்த ஐந்து பேரும் போதுமான அளவில் வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று பொருள். இரத்தத்தை இளக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண்ணை இந்தச் சோதனையை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். ஏழாம் காரணியின் ஆயுள் மிகக் குறைவு, பாதியாவதற்கு ஆறு மணி நேரம் போதும். அதனால் மருந்து தொடங்கியதும் முதலில் நீள்வது பி.டி.தான்.

ஏ.பி.டி.டி.யில் திசுக்காரணி கிடையாது. கொழுப்போடு சிலிக்கா மாதிரி ஒரு பொடியைச் சேர்த்துச் சில நிமிடம் 37 பாகை செல்சியஸில் வைப்போம். அந்தப் பொடியின் பரப்பைத் தொட்டதும் பன்னிரண்டாம் காரணி விழித்துக்கொள்ளும். அப்புறம் கால்சியம் விட்டால் பதினொன்று, ஒன்பது, எட்டு என்று ஒவ்வொன்றாக விழித்து அதே பத்தாம் காரணிக்கு வந்து சேரும். அங்கிருந்து பாதை இரண்டுக்கும் பொது. இப்போது அந்த அம்மாவின் எண்களைத் திரும்பப் பாருங்கள். பொதுப் பாதை நன்றாக இருக்கிறது, பி.டி. அதற்குச் சாட்சி. கோளாறு பன்னிரண்டு, பதினொன்று, ஒன்பது, எட்டு ஆகியவற்றில் எங்கோ இருக்க வேண்டும்.

நான் வேலை பழகிய காலத்தில் மூத்தவர் ஒருவர் என்னிடம் கண்ணாடிக் குழாயைக் கொடுத்து, வெந்நீர்த் தொட்டியில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கச் சொல்வார். தண்ணீராக ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்மாவில் திடீரென்று ஒரு சிலந்தி நூல் மின்னும். அந்த நொடியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். பி.டி.யில் நூல் சட்டென்று தெரியும். ஏ.பி.டி.டி.யில் அது தயங்கித் தயங்கி வரும். இன்றைக்கு அந்த நூலை ஒளிக்கற்றை பார்க்கிறது, ஆனால் பார்ப்பது அதே நூலைத்தான்.

எத்தனை விநாடி நீண்டது என்பதை வைத்து எவ்வளவு இரத்தம் கசியும் என்று சொல்ல முடியாது. 1955இல் ஆஸ்கர் ராட்னாஃப் எழுதிய ஜான் ஹேக்மன் என்பவரின் கதை இதற்கு நல்ல சான்று. அவருடைய இரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே வெகுநேரம் எடுத்தது. ஆனால் அவருக்கு இரத்தக் கசிவு நோய் எதுவும் இல்லை. குறைந்திருந்தது பன்னிரண்டாம் காரணி. கடைசியில் 1968இல் நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துத்தான் அவர் இறந்தார். கண்ணாடியிலும் பொடியிலும் முதலில் விழிக்கும் அந்தக் காரணி, உடம்பில் காயத்தை மூடத் தேவைப்படுவதில்லை.

எட்டும் ஒன்பதும் அப்படியல்ல. எட்டாம் காரணி இல்லாதவருக்கு பி.டி. இயல்பாக வருவதற்குக் காரணம், நாங்கள் திசுக்காரணியை அள்ளி ஊற்றுவதுதான். அந்த வெள்ளத்தில் பத்தாம் காரணி நேராகவே எழுந்துவிடும், எட்டின் உதவி தேவைப்படாது. உடம்பிலோ திசுக்காரணி கொஞ்சமாகத்தான் இருக்கும், அதையும் உடம்பு சீக்கிரம் அடக்கிவிடும். அதன்பின் உறைவு தொடர்ந்து நடக்க எட்டும் ஒன்பதும் கட்டாயம் வேண்டும். அதனால்தான் பி.டி. இயல்பு என்ற ஒரு வரி மட்டும் யாருக்கும் நிம்மதி தரக் கூடாது என்கிறேன்.

அன்றிரவு கலப்புச் சோதனை செய்தேன். நோயாளியின் பிளாஸ்மா பாதி, ஆரோக்கியமானவர்கள் பலரிடமிருந்து சேர்த்த பிளாஸ்மா பாதி. காரணி குறைவுதான் பிரச்சினை என்றால், மறுபாதி அதை ஈடுகட்டும், நேரம் இயல்புக்குத் திரும்பும். கலந்தவுடன் வந்த எண் 41. எண்பத்து நான்கிலிருந்து இவ்வளவு இறங்கிவிட்டதே, ஏறக்குறைய சரியாகிவிட்டது, ஏதோ காரணி குறைவுதான் என்று இங்கேயே எழுதிவிடத் தோன்றும். பழகும் பிள்ளைகள் பலர் தடுக்கி விழும் இடம் இது.

அதே கலவையை 37 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தேன். பக்கத்தில் நோயாளியுடையதையும் சேகரித்த பிளாஸ்மாவையும் தனித்தனிக் குழாயில் அதே வெப்பத்தில் வைத்தேன். எட்டாம் காரணி வெப்பத்தில் தானாகவே கொஞ்சம் கெட்டுப்போகும், அதைக் கழித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. இரண்டு மணி கழித்து, தனியாக வைத்த இரண்டையும் அப்போது கலந்து ஓட்டினால் 43. முன்பே கலந்து வைத்தது 68. ஆரோக்கியமானவர்களின் எட்டாம் காரணியையும் அந்தக் கலவையில் ஏதோ மெல்ல மெல்ல அழித்திருக்கிறது. ஏ.பி.டி.டி.யை நீட்டும் இன்னொன்றான, உடம்பே உண்டாக்கும் லூபஸ் எதிர்ப்பொருள் என்றால் பெரும்பாலும் கலந்த உடனேயே நேரம் திருந்தாமல் நிற்கும், இப்படிக் காத்திருந்து தாக்காது. அது பெரும்பாலும் இரத்தக்கட்டியை உண்டாக்கும் கோளாறு, மருத்துவமும் நேர்மாறானது.

எட்டாம் காரணியின் அளவு 2 விழுக்காடு. இயல்பு சுமார் 50க்கு மேல். ஒன்பதும் பதினொன்றும் சரியாக இருந்தன. மறுநாள் பெதஸ்டா முறையில், எட்டாம் காரணியை அழிக்கும் எதிர்ப்பொருளின் வலிமையைப் பார்த்தோம், 18 அலகு வந்தது. நோயின் பெயர் பிற்காலத்தில் வரும் ஹீமோஃபிலியா. பிறவியில் வரும் ஹீமோஃபிலியா பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு, மூட்டுக்குள் கசியும். இது முதுமையிலும் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களிலும், ஆண் பெண் பாராமல் வரும். உடம்பே தன் எட்டாம் காரணிக்கு எதிராக ஆயுதம் தூக்குகிறது. தோலிலும் தசையிலும் விரிந்து பரவும் இரத்தக்கட்டுதான் அதன் முகம். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் வரும், ஆனால் வந்தவருக்கு உயிர் ஆபத்து.

மகள் பிறகு மருத்துவரிடம் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றிய இடத்தில் முதலில் கன்றியதாம். வயதானால் தோல் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். தொடையில் பெரிதானதும் இரண்டு நாள் தைலம் போட்டு நீவி விட்டிருக்கிறார்கள். கசிகிற தசையை நீவுவதால் கசிவுதான் கூடும். தசையில் ஊசி போடுவதும் அப்படியே. வீட்டில் பெரியவர்களுக்குப் புதிதாக, காரணம் தெரியாமல், உள்ளங்கையை விட அகலமாக இரத்தக்கட்டு வந்தால் நீவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின், இரத்தத்தை இளக்கும் மாத்திரை, நாட்டு மருந்து என எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். ஏனென்றால் இரத்தத்தை இளக்கும் புது மாத்திரைகள் சிலவும் ஏ.பி.டி.டி.யை நீட்டும். தட்டணுக் கோளாறும் பதின்மூன்றாம் காரணிக் குறைவும் இருந்தாலோ, இரண்டு சோதனையும் இயல்பு என்றே காட்டும். ‘இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது’ என்று சொன்ன பிறகும் கசிவு தொடர்ந்தால் அதைத் திரும்பவும் சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு அன்றிரவே எழுச்சியூட்டப்பட்ட ஏழாம் காரணி கொடுத்தார்கள். அது எட்டாம் காரணியின் உதவியின்றி உறைவை நடத்தும். எதிர்ப்பொருளை அடக்க ஸ்டீராய்டும் தொடங்கினார்கள். அந்த ஊசிக்குப் பிறகு பி.டி. 8 விநாடிக்கும் கீழே இறங்கியது. புதிதாக வந்த சக ஊழியர் இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று பயந்து என்னைக் கூப்பிட்டார். ஏழாம் காரணியையே ஏற்றியிருக்கிறார்கள், அதனால்தான் என்று சொன்னேன். கசிவு நின்றதா என்பதை அந்த எண்ணை வைத்து அளக்க முடியாது, தொடையின் சுற்றளவையும் ஹீமோகுளோபினையும்தான் பார்க்க வேண்டும்.

ஏழாவது வாரம் வந்த குழாயில் ஏ.பி.டி.டி. 34 என்று இருந்தது. எட்டாம் காரணி 71 விழுக்காடு. அன்று மாலை அதே தாதி தொலைபேசியில், “பஞ்சை எடுத்துட்டேன், நின்னுடுச்சு” என்றார்.