வினை ஒளிந்திருக்கிறதா, இல்லவே இல்லையா?

நாகர்கோவிலில் நான் எடுக்கும் மொழியியல் வகுப்பில் ‘அவர் ஆசிரியர்’ என்ற வாக்கியத்தைப் பகுக்கச் சொன்னால், ‘இருக்கிறார் என்ற வினை மறைந்து நிற்கிறது’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். இதற்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை. பெயரே பயனிலையாக வரும் என்பதைத் தொல்காப்பியம் ‘பெயர்கொள வருதல்’ என்று எப்போதோ சொல்லிவிட்டது.

மறைந்த வினையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வினை வெளியே வரும்போது பக்கத்தில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். இறந்தகாலத்தில் ‘அவர் ஆசிரியராக இருந்தார்’ என்போம். ‘இரு’ வந்ததும் பெயரோடு ‘ஆக’ ஒட்டிக்கொள்கிறது. நிகழ்காலத்திலும் அதே வினை ஓசையில்லாமல் இருக்கிறது என்றால், ‘அவர் ஆசிரியராக’ என்று நிறுத்த முடிய வேண்டும். முடியாது. அரபியிலும் இப்படித்தான். நிகழ்காலத்தில் வினை இல்லாதபோது பயனிலைப் பெயர் எழுவாய் வேற்றுமையில் நிற்கும். இறந்தகாலத்தில் ‘கான’ என்ற வினை வந்ததும் இரண்டாம் வேற்றுமைக்கு மாறும்.

சரி, மறைந்திருப்பது ‘இரு’ இல்லை, ‘ஆவார்’ என்று வைத்துக்கொள்வோமே? ‘ஆசிரியர் ஆவார்’ என்பதில் ‘ஆக’ இல்லைதானே? நல்ல கேள்வி, சோதனையிலும் பாதி தாண்டிவிடும். ஆனால் எதிர்மறையில் மாட்டிக்கொள்கிறது. ‘ஆசிரியர் ஆகவில்லை’ என்றால் இன்னும் அந்த வேலைக்கு வரவில்லை என்று பொருள். ‘அவர் ஆசிரியர்’ என்பதை மறுக்க ‘ஆசிரியர் இல்லை’, ‘ஆசிரியர் அல்லர்’ என்றுதான் சொல்வோம். அங்கே ‘ஆகு’வுக்கு வேலையே இல்லை.

அதனால் தொடரியலாளர்களில் ஒரு சாரார் வினையைத் தேடுவதையே விட்டுவிட்டார்கள். எழுவாயையும் பயனிலையையும் இணைப்பது வினையல்லாத ஓர் ஓசையற்ற முனை, அதாவது வாக்கிய அமைப்பில் இடம் பிடித்தும் காதில் விழாத ஓர் உறுப்பு என்பது அவர்கள் கட்சி. 1993இல் ஜான் போவர்ஸ் பயனிலையாக்கத்துக்கென்றே இப்படி ஒரு முனையை முன்வைத்தார். அப்படியானால் ‘இருந்தார்’ எதற்கு? இறந்தகால விகுதி பெயரில் ஒட்டாது, அதைத் தாங்க ஒரு வினை வேண்டும். ‘ஆசிரியராக இருந்தால்’ என்ற நிபந்தனையிலும் இதே கதைதான். இந்த விளக்கத்திலும் இடிக்கிற இடம் உண்டு: ‘நேற்று வெள்ளிக்கிழமை’ என்று வினையே இல்லாமல் நேற்றைப் பற்றிச் சொல்கிறோமே!

நம்மூர்ப் பிள்ளைகள் இன்னொன்றையும் கேட்பார்கள்: “அவரு வாத்தியாராக்கும்னு சொல்லுகோமே, அது வினைதானே சார்?” களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் ‘ஆணு’ என்ற இணைப்பு வினை இருப்பதால் வரும் சந்தேகம் இது. ஆனால் நம் ‘ஆக்கும்’ ‘அவன் வந்தானாக்கும்’ என்று முற்றுவினைக்குப் பின்னாலும் வருகிறது. வினை ஏற்கெனவே இருக்கும் இடத்தில் இன்னொரு இணைப்பு வினைக்குத் தேவை என்ன? காலமும் காட்டாது, ஆள் இடமும் காட்டாது. அழுத்தம் கொடுக்கும் இடைச்சொல் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு.