அடிக்கும் தந்தையையும் பார்த்த குழந்தையையும் ஒன்றாக உட்கார வைக்காதீர்கள்

புதுச்சேரியில் குழந்தைகளுக்கு மனநல ஆலோசனை வழங்கிவரும் என்னிடம், இந்த மாதமும் ஒரு குடும்பத்துப் பெரியவர் அதே வேண்டுகோளுடன் வந்தார்: “அப்பா, அம்மா, பையன் மூணு பேரையும் ஒண்ணா உட்கார வெச்சுப் பேசி முடிச்சிடுங்க மேடம்.” மனைவியை அடிக்கும் கணவர் இருக்கும் வீட்டுக்கு இது மருந்தல்ல, ஆபத்து என்று எத்தனை முறை சொன்னாலும், அடுத்த குடும்பமும் இதையே கேட்கிறது.

அந்த அறையில் நடப்பதைச் சொல்கிறேன். நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் குழந்தை தந்தையின் முகத்தைப் பார்க்கிறது; பார்த்துவிட்டு, “வீட்ல எல்லாம் நல்லா இருக்கு” என்கிறது. பொய் சொல்கிறதென்று எண்ணாதீர்கள். அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்று நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும். ஒருவேளை அது உண்மையைச் சொல்லிவிட்டால், அதற்கான அடி பெரும்பாலும் தாய்க்கே விழும். ‘நான் பேசினேன், அம்மா அடி வாங்கினாள்’ என்று முடிவுகட்டிக்கொண்ட குழந்தை, பிறகு யாரிடமும் வாய் திறப்பதில்லை. சமமாகப் பேசக்கூடிய இருவருக்கிடையே பஞ்சாயத்து செய்யலாம். ஒருவர் மற்றவருக்கு அஞ்சி வாழும் இடத்தில் அது செல்லாது.

கடலூர் முதுநகரிலிருந்து எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துவந்தார்கள் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). காலையில் வயிற்றுவலி, வகுப்பில் கவனமின்மை. குழந்தைகள் மருத்துவர் உடலில் குறையேதும் காணவில்லை. “அடி விழும்போது அவன் தூங்கிட்டுதான் இருப்பான், ஒண்ணும் தெரியாது” என்றார் தாய். தனியே கேட்டபோது, பைக்கின் ஸ்டாண்டை அப்பா போடும் சத்தத்திலிருந்தே அந்த இரவு எப்படிப் போகும் என்று தன்னால் சொல்ல முடியும் என்றான்.

முதலில் தாயைத் தனியாகச் சந்தித்தோம். கணவர் கழுத்தை நெரித்திருக்கிறாரா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாரா, அடி அண்மையில் அதிகரித்திருக்கிறதா, குழந்தை மீதும் கை வைக்கிறாரா என்பவை கட்டாயம் கேட்க வேண்டியவை; கழுத்தை நெரித்த வரலாறு இருந்தால் உயிராபத்து மிக அதிகம். எந்த எண்ணில் நாங்கள் அழைக்கலாம் என்று கேட்டுக்கொண்டோம். தந்தை பார்த்தாலும் சந்தேகம் வராதபடி வருகைச் சீட்டில் வயிற்றுவலி என்றே இருந்தது. சிறுவன் வரைந்த படங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. அவன் சொல்வதை அப்பாவிடம் சொல்ல மாட்டோம், ஆனால் அவனுக்கோ அம்மாவுக்கோ ஆபத்து என்றால் உதவுபவர்களிடம் சொல்வோம் என்று தொடக்கத்திலேயே அவனிடம் தெரிவித்தோம்.

அடுத்து அவனுக்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டம். நடுவில் போய் நிற்கக் கூடாது. கத்தியும் அரிவாள்மணையும் இருக்கும் சமையலறைக்குள் ஓடக் கூடாது. பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் போக வேண்டும். அங்கிருந்து 112-ஐ அழைத்து முகவரியைச் சொல்ல வேண்டும். இதை விளையாட்டுபோல நடித்துப் பழக்கினோம். அம்மாவைக் காப்பாற்றுவது அவன் வேலையல்ல என்பதைத்தான் பலமுறை சொல்ல வேண்டியிருந்தது.

பார்த்ததை விவரிக்கச் சொல்லும் சிகிச்சையை அப்போது தொடங்கவில்லை. அவன் இன்னும் அதே வீட்டில் உறங்குகிறான். ஸ்டாண்டு சத்தத்துக்கு விழித்துக்கொள்ளும் அந்தப் பயம் அவனைக் காக்கிறது, அதை நாம் தணித்துவிடக் கூடாது. மூச்சுப் பயிற்சி, உணர்வுகளுக்குப் பெயர் சொல்லப் பழகுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டோம்.

பாதுகாப்பு அலுவலர் வழியாக, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மனு கொடுத்து, தாய் சிறுவனுடன் விருத்தாசலத்திலுள்ள பிறந்த வீட்டுக்குப் போனார். பிரிந்து செல்லும் காலமே மிகவும் ஆபத்தானது என்பதால் புறப்படும் நாளைச் சிறுவனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அத்தகைய இரகசியத்தை எட்டு வயதுக் குழந்தை சுமக்கக் கூடாது. அந்த வீட்டில் இரவுகள் அமைதியாகி, அவனும் ஓரளவு உறங்கத் தொடங்கிய பிறகே, அச்சம் குறைந்த சம்பவத்திலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லச் சொல்லவைத்தோம். அழுது அவன் வாயை அடைத்துவிடாமல் கேட்பதற்குத் தாயைத் தனி அமர்வுகளில் தயார்படுத்தினோம். கடைசியில் வெளிவந்தது, “நான் கணக்குல தப்பு போட்டதாலதான் அப்பா அம்மாவ அடிச்சாரு” என்ற வாக்கியம். அது அவன் தவறல்ல என்று தாயே அவனிடம் சொன்னார்.

பின்னர், குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று தந்தை கேட்டார். அந்தச் சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் என்று நீதித்துறை நடுவர் கருதினால் அதை மறுக்கச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆகவே உறவினர்கள் கோயில் வாசலில் தாமாகவே அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்யாதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: மாணவன் வீட்டில் நடப்பதைச் சொன்னால், தந்தையை அழைத்து விசாரிக்காதீர்கள், மற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் மறுபடி சொல்லவும் வைக்காதீர்கள். அவன் சொன்ன சொற்களிலேயே எழுதி வைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். தாயைத் தனியாகச் சந்திக்க முடிந்தால், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொல்லி அனுப்புங்கள்.