மூவாயிரம் எடுத்தால் விலை குறையும், செலவு குறையுமா?

கோவை கணபதியில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், டீலர் கொடுத்த கொட்டேஷனை அனுப்பி, "இதில் எதை எடுப்பது?" என்று கேட்டிருக்கிறார். சரக்கு, மோட்டார் தண்டைத் தாங்கும் 6203 பேரிங். ஒரு தடவைக்கு ஆயிரத்துக்குக் கீழே எடுத்தால் ஒன்று 100 ரூபாய். 1000 முதல் 2999 வரை என்றால் 97. 3000, அதற்கு மேல் என்றால் 96. எடுக்கும் மொத்தத்துக்கும் அந்த விலைதான். மாதம் 400 பேரிங் வீதம் வருஷத்துக்கு 4800 தேவை. "மூவாயிரமாக எடுத்துப் போட்டுவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்" என்றும் எழுதியிருக்கிறார்.

வருஷச் செலவு மூன்று துண்டாக வரும். முதலாவது, சரக்கின் விலை. இரண்டாவது, ஒவ்வொரு தடவை ஆர்டர் போடும்போதும் ஆகும் செலவு. டெம்போ வாடகை, வந்ததை எண்ணிப் பார்க்கும் கூலி, பில் வேலை எல்லாம் சேர்த்து அவர் கணக்கில் அது 500 ரூபாய். பத்து எடுத்தாலும் ஆயிரம் எடுத்தாலும் இந்தத் தொகை மாறுவதில்லை. மூன்றாவது, வாங்கி வைத்த சரக்கை வைத்திருக்கும் செலவு. வங்கி ஓ.டி. கடன் வட்டி, கோடவுன் இடம், ஈரத்தில் துருப்பிடித்து வீணாவது, டிசைன் மாறித் தேங்குவது ஆகியவற்றுக்காக வருஷத்துக்குச் சரக்கு மதிப்பில் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். சரக்கு சீராகத் தீர்ந்துகொண்டே வருவதால் சராசரியாகக் கையில் இருப்பது ஆர்டர் அளவில் பாதிதான்.

அளவைக் கூட்டினால் ஆர்டர் செலவு குறைகிறது, வைத்திருக்கும் செலவு ஏறுகிறது. இரண்டின் கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவு என்பதற்கு 1913-ல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், தொழிற்சாலை நிர்வாகப் பத்திரிகை ஒன்றில் சூத்திரம் எழுதினார். பிற்பாடு அது வில்சன் என்பவர் பெயரிலேயே அதிகம் புழங்கியது. பட்டறையில் எழுந்த கேள்விக்குப் பட்டறைக்காரர்களுக்கான பத்திரிகையில் வந்த பதில் அது. நம்மூர்ச் சிறுதொழில்களின் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு ஆய்வு நிதியில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

```
Q = √(2DS / iP)
```

Q ஒரு தடவை எடுக்க உகந்த அளவு, D வருஷத் தேவை, S ஒரு ஆர்டருக்கான செலவு, i வைத்திருக்கும் செலவின் வீதம், P ஒன்றின் விலை. நம் கணக்கில் D = 4800, S = 500, i = 0.20. விலை 100 என்று போட்டால் Q = 490. விலை 97 என்றால் 497. 96 என்றால் சரியாக 500.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பாருங்கள். விலை நாலு ரூபாய் இறங்கியும் உகந்த அளவு பத்துப் பேரிங் மட்டுமே நகர்ந்திருக்கிறது. விலை, வர்க்கமூலத்துக்குள்ளே உட்கார்ந்திருப்பதால் அதன் மாற்றம் பாதியாக மழுங்கித்தான் வெளியே வருகிறது. ஆனால் 97 ரூபாய் விலைக்கு 497 எடுக்க டீலர் விடமாட்டார், ஆயிரம் எடுத்தாக வேண்டும். 96-க்கு 500 எடுக்கவும் விடமாட்டார். சூத்திரம் சொல்லும் அளவு அந்த விலைக்குச் செல்லாது. அப்போது என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒவ்வொரு விலைக்கும் செலவை வரைபடமாகப் போட்டால் ஒரு கிண்ணம் வரும். 97 ரூபாய்க் கிண்ணத்தின் அடி 497-ல் இருக்கிறது. அந்த விலை செல்லுபடியாகும் பகுதியோ ஆயிரத்தில்தான் தொடங்குகிறது, அதாவது கிண்ணத்தின் வலப்பக்கச் சுவரில், ஏற்றத்தில். ஏற்றத்தில் எங்கே நின்றால் உயரம் குறைவு? தொடங்கும் இடத்தில்தான். ஆகவே 97 ரூபாய்க்கு எடுப்பதானால் சரியாக 1000, ஒன்றுகூட மேலே வேண்டாம். 96-க்கு எடுப்பதானால் சரியாக 3000. நூற்றுக்கணக்கான அளவுகளைச் சோதிக்க வேண்டிய கணக்கு, மூன்றே அளவுகளில் முடிந்துவிடுகிறது.

இனி வருஷச் செலவு. 490 வீதம் எடுத்தால் சரக்கு விலை 4,80,000 ரூபாய். ஆர்டர் செலவும் வைத்திருக்கும் செலவும் ஆளுக்கு ஏறக்குறைய 4,900. மொத்தம் 4,89,800.

ஆயிரம் வீதம் எடுத்தால் சரக்கு விலை 4,65,600. வருஷத்துக்குச் சராசரியாக 4.8 ஆர்டர், அதற்கு 2,400. சராசரி இருப்பு 500, அதை வைத்திருக்க 9,700. மொத்தம் 4,77,700. முந்தையதைவிட 12,100 ரூபாய் மிச்சம்.

மூவாயிரம் வீதம் எடுத்தால் சரக்கு விலை 4,60,800. ஆர்டர் செலவு வெறும் 800. ஆனால் சராசரி இருப்பு 1500, அதை வைத்திருக்க 28,800. மொத்தம் 4,90,400. தள்ளுபடியே வேண்டாம் என்று நூறு ரூபாய்க்கு 490 வீதம் வாங்குவதைவிட இது 600 ரூபாய் கூடுதல்!

ஆயிரத்தில் கிடைத்த லாபம் மூவாயிரத்தில் ஏன் கரைந்தது? கிண்ணத்தின் அடிப்பகுதி தட்டையானது. உகந்த அளவைப்போல் இரண்டு மடங்கு எடுத்தால் ஆர்டர் செலவு பாதியாகும், வைத்திருக்கும் செலவு இரட்டிக்கும், கூட்டுத்தொகை கால் பங்குதான் கூடும். மூன்று ரூபாய்த் தள்ளுபடி அதை எளிதில் ஈடுகட்டிவிடுகிறது. ஆறு மடங்கு எடுத்தாலோ அதே கூட்டுத்தொகை மூன்று மடங்கைத் தாண்டிவிடும். ஆயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குப் போவதால் சரக்கு விலையில் கிடைப்பது 4,800 ரூபாய். வைத்திருக்கும் செலவில் போவது 19,100.

"அந்த 20 சதவீதம் நீங்களாகப் போட்டதுதானே?" என்று யாரும் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கணக்கில் பலரும் தடுமாறுவது அந்த எண்ணில்தான், ஏனென்றால் அது எந்த பில்லிலும் வராது. அதனால் விடை எப்போது மாறும் என்று திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வீதம் ஏறக்குறைய 6.7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் மூவாயிரம் ஜெயிக்கிறது. ஓ.டி. வட்டி மட்டுமே அதைத் தாண்டிவிடும். 30 சதவீதம் என்று ஏற்றிப் போட்டாலும் ஆயிரம்தான் முதலில் வருகிறது. இந்த விஷயத்தில் துல்லியமான வீதம் தெரியாமலே முடிவெடுக்கலாம்.

கணக்கு பிசகும் இடமும் உண்டு. தேவை மாதாமாதம் சீராக இருக்கும் என்ற அனுமானம், கோடையில் பம்ப் விற்பனை ஏறும் பட்டறைக்கு முழுதாகப் பொருந்தாது. கோடைக்கு முன் எடுக்கும் ஆர்டரைத் தனியாகப் பார்க்க வேண்டும். இன்னொன்று, கொட்டேஷனின் வாசகம். சில டீலர்கள் ஆயிரத்துக்கு மேல் எடுக்கும் பேரிங்குக்கு மட்டும் குறைந்த விலை போடுவார்கள், முதல் ஆயிரத்துக்குப் பழைய விலைதான். அப்படியானால் ஆயிரத்தில் நின்று பலனில்லை, அதற்குக் கணக்கே வேறு. பில்லை எப்படிப் போடுவீர்கள் என்று வாயால் கேட்டுவிடுவது நல்லது.

டீலரிடம் பேரம் பேசவும் இதே கணக்கு போதும். மூவாயிரம் எடுக்கச் சொன்னால் விலை 93 ரூபாய் 50 காசுக்கு இறங்க வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு பைசாவும் நஷ்டம். அல்லது 96 ரூபாய் விலையை 1600 பேரிங்கிலிருந்தே கொடுத்தால், மயிரிழையில் நமக்குச் சாதகம். இரண்டும் முடியாது என்றால் மூவாயிரத்துக்கு ஒரே ஆர்டராக எழுதி, ஐந்நூறு ஐந்நூறாக இறக்கி, இறக்கியதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்ள அவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். அப்போது 96 ரூபாய் விலையும் கிடைக்கும், சரக்கும் அவருடைய கோடவுனிலேயே இருக்கும்.