கெல்தி, கெல்மிஷ்: துருக்கி மொழியின் இரண்டு இறந்தகாலங்கள்

துருக்கியில் வீட்டுக்குள் நுழையும் முன் காலணியை வாசலில் கழற்றிவிடுவார்கள். வெளியே போய்த் திரும்பிய ஒருத்தி, தன் வீட்டு வாசலில் தம்பி அலியின் காலணியைப் பார்க்கிறாள். அவன் இன்னும் கண்ணில் படவில்லை. அவள் வாயிலிருந்து வரும் சொற்கள்: ‘அலி கெல்மிஷ்.’ அவள் வீட்டிலேயே இருந்து, அவன் கதவைத் திறந்து உள்ளே வந்ததைக் கண்டிருந்தால் ‘அலி கெல்தி’ என்பாள். இரண்டுக்கும் அகராதி தரும் பொருள் ‘அலி வந்தான்’ என்பதுதான். வேறுபாடு அலியிடம் இல்லை, சொல்பவளுக்குச் செய்தி எப்படிக் கிடைத்தது என்பதில் இருக்கிறது.

பள்ளி இலக்கணம் ‘தி’ விகுதி பெறும் காலத்தைக் ‘கொரூலென் கெச்மிஷ் ஸமான்’, அதாவது காணப்பட்ட இறந்தகாலம் என்கிறது. ‘மிஷ்’ விகுதி பெறுவது ‘துயுலான் கெச்மிஷ் ஸமான்’, கேட்கப்பட்ட இறந்தகாலம். ‘கெச்மிஷ் ஸமான்’ என்றால் கடந்த காலம்.

விகுதிகளின் உருவம் வினையடியின் கடைசி உயிரைப் பின்பற்றி மாறும். வா என்னும் பொருளுள்ள ‘கெல்’ அடியில் எகரம் இருப்பதால் கெல்தி, கெல்மிஷ். எடு என்னும் பொருளுள்ள ‘அல்’ அடியோடு சேரும்போது அல்து, அல்முஷ். இந்த இரண்டிலும் வரும் உகரம் இதழ் குவியாதது. ‘அது’ என்று சொல்லும்போது கடைசியில் ஒலிக்கும் நம் குற்றியலுகரம் ஏறத்தாழ அதே ஒலி என்பதால், பிறர் திணறும் இடத்தைத் தமிழர் எளிதாகக் கடக்கலாம். ஆகு என்னும் ‘ஒல்’ அடியில் இதழ் குவிந்த முழு உகரம் வரும்: ஒல்து, ஒல்முஷ். பார் என்னும் ‘கொர்’ அடிக்கு இதழைக் குவித்தபடி இகரம் சொல்லும் ஒலி தேவை. அதற்குத் தமிழில் எழுத்தில்லை. இன்னொரு மாற்றம் ‘தி’க்கு மட்டும் உரியது. அடி க், ச், த், ப், ஷ் போன்ற வல்லொலியில் முடிந்தால், ‘அது’வில் வருவதுபோல் மெலிந்து ஒலிக்கும் விகுதியின் தகரமும் ‘பத்து’வில் வருவதுபோல் வல்லொலியாகும். ‘கித்’ (போ) என்பதன் இறந்தகாலம் ‘கித்தி’ ஆவது இப்படித்தான்.

மாணவர்கள் அதிகம் தடுக்கி விழுவது அடுத்து வரும் இட விகுதிகளில். ‘நாங்கள் வந்தோம்’ என்பது ஒன்றில் ‘கெல்திக்’, மற்றதில் ‘கெல்மிஷிஸ்’. ‘கெல்மிஷிக்’ என்று ஒரு வடிவம் கிடையாது. இரண்டு காலங்களும் இருவேறு விகுதி வரிசைகளை எடுக்கின்றன.

இனித் தமிழுக்கு வருவோம். ‘மிஷ்’ என்றதும் நம் ‘ஆம்’ நினைவுக்கு வருவது இயல்பு. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டு ‘அலி கெல்மிஷ்’ என்றால், தமிழில் ‘அலி வந்தானாம்’. அச்சுப் பிசகாத பொருத்தம். ஆனால் வாசலில் காலணியைப் பார்த்தவள் ‘வந்தானாம்’ என்று சொல்ல மாட்டாள். ‘அலி வந்திருக்கிறான்’ என்றுதான் சொல்வாள். துருக்கி ஒரே விகுதியில் அடக்குவதைத் தமிழ் இரண்டாகப் பிரிக்கிறது. பிறர் சொன்னதற்கு ‘ஆம்’, தடயத்தைக் கண்டு அறிந்ததற்கு ‘இருக்கிறது’. இதை அறியாமல் எல்லா ‘மிஷ்’களையும் ‘ஆம்’ ஆக்கும் மொழிபெயர்ப்பு, கண்ணெதிரே தடயம் வைத்துப் பேசுபவரை வதந்தி பேசுபவராக்கிவிடும்.

விருந்துக்குப் போனவர் ஒரு வாய் உண்டுவிட்டு, சமைத்தவரைப் பார்த்துச் ‘சோக் கூஸெல் ஒல்முஷ்’ என்பார். உண்பவர் அவர், சுவைத்ததும் அவர் நாக்குதான். பிறகு ஏன் ‘முஷ்’? சமைத்ததை அவர் பார்க்கவில்லை, விளைவு மட்டும் தட்டில் இருக்கிறது. தமிழிலும் நாம் அந்த இடத்தில் ‘மிக நன்றாக வந்திருக்கிறது’ என்கிறோம், ‘நன்றாக வந்ததாம்’ என்பதில்லை. நெடுநாள் கழித்துப் பார்த்த பிள்ளையிடம் ‘வளர்ந்திருக்கிறாயே!’ என்று வியக்கும் இடத்திலும் துருக்கியர் ‘மிஷ்’ வடிவத்தையே சொல்வார்கள்.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது இந்த விகுதி இன்னும் நுட்பமாகிறது. நாற்காலியில் கண்ணயர்ந்து விழித்தவர் ‘உயுமுஷும்’ என்பார்: ‘தூங்கியிருக்கிறேன்.’ செயல் அவருடையது, ஆனால் அது நடந்தபோது அவர் விழிப்பில் இல்லை. ‘மூன்று வயதில் நான் கிணற்றடியில் விழுந்தேனாம்’ என்று அம்மா சொன்னதை வைத்துச் சொல்வதற்கும் அதே விகுதி போதும்.

ஆகவே ‘கேட்கப்பட்ட இறந்தகாலம்’ என்ற பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. நமக்குத் தகுந்த சொல் சைவ சித்தாந்த அளவை நூல்களில் இருக்கிறது. அறிவு வரும் வழிகளை அவை காண்டல், கருதல், உரை என்று மூன்றாக்கும். கண்டறிவது காண்டல், புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல், பிறர் சொல்லால் அறிவது உரை. ‘தி’ காண்டலின் விகுதி. ‘மிஷ்’ கருதலுக்கும் உரைக்கும் பொது விகுதி. ஆகவே முதலாவதைக் கண்ட இறந்தகாலம் என்றும் இரண்டாவதைக் காணா இறந்தகாலம் என்றும் சொல்வதே சரி என்பேன். ‘காணா’ என்பது நிகழ்வு நடந்தபோது காணாதது. அதன் விளைவைப் பிறகு காண்பதற்கு இதில் தடையில்லை.

இந்தப் பெயர் புதிதாகத் தோன்றினாலும் கருத்து பழையது. 11ஆம் நூற்றாண்டில் துருக்கிச் சொற்களை அரபியில் விளக்கிய மஹ்மூத் அல்-காஷ்கரீ, இவ்விரு விகுதிகளையும் கண்முன் நடந்தது, காணாமல் நடந்தது என்றே பிரித்தார். அதற்கும் முந்திய சான்று கல்லில் இருக்கிறது. மங்கோலியாவின் ஓர்கோன் சமவெளியில் கி.பி. 732இல் நிறுத்தப்பட்ட துருக்கிய இளவரசர் குல் தெகினின் கல்வெட்டில் பேசுபவர் அவருடைய அண்ணனும் பேரரசருமான பில்கே ககான். மூதாதையரான பூமின் ககானும் இஸ்தெமி ககானும் அரியணையில் அமர்ந்ததைச் சொல்லும்போது ‘ஒலுர்முஷ்’ என்கிறார். தாம் அமர்ந்ததைச் சொல்லும் இடத்தில் அதே வினை ‘ஒலுர்தும்’ ஆகிறது.

ஆனால் ‘கண்ட’ என்பதையும் எழுத்துக்கு எழுத்து கொள்ளக் கூடாது. தான் பிறந்ததை யாரும் கண்டதில்லை. ஆயினும் துருக்கியர் பிறந்த ஆண்டைச் சொல்லும்போது ‘தி’ வடிவத்தையே இயல்பாகச் சொல்கிறார்கள். துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாத்துர்க் 1881இல் செலானிக் நகரில் பிறந்தார் என்று எழுதும் வரலாற்று நூலும் அப்படியே. ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்ற செய்தி, கண்டதற்கு நிகராகிறது. செய்தி வாசிப்பவர் தாம் நேரில் பார்க்காத விபத்தையும் ‘தி’யில் வாசிப்பார், ஏனெனில் ‘மிஷ்’ போட்டால் செய்திக்குத் தாம் பொறுப்பில்லை என்பது போல் ஒலிக்கும்.

மறுபக்கம், எல்லா ‘மிஷ்’ஷும் காணாதது அல்ல. பெயருக்கு முன் எச்சமாக வந்தால் அது வெறும் ‘முடிந்த’ என்னும் பொருளையே தரும். ‘கெச்மிஷ் ஸமான்’ என்ற பெயரிலேயே அந்த ‘மிஷ்’ இருக்கிறது. அதற்குக் கடந்த என்று மட்டுமே பொருள். பயணிகள் நிரம்பியதும் புறப்படும் சிறு வண்டிக்கு ‘தொல்முஷ்’ என்று பெயர், அதாவது நிரம்பியது. அதில் வதந்தியும் இல்லை, ஊகமும் இல்லை. விகுதி வினைமுற்றாக நிற்கிறதா, எச்சமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே பொருள் சொல்ல வேண்டும்.

வினைமுற்றாக வந்து, நம் ‘ஆம்’ முழுமையாகப் பொருந்தும் இடம் குழந்தைக் கதையின் தொடக்கம். ‘பிர் வார்முஷ், பிர் யோக்முஷ்’ என்று துருக்கிப் பாட்டி தொடங்குவாள்: ‘ஒரு சமயம் இருந்ததாம், ஒரு சமயம் இல்லையாம்.’ ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தானாம் என்று தமிழ்ப் பாட்டி தொடங்குவதும் அதே விகுதியின் வேலைதான்.