தெர்மோகப்பிள்: மின்னழுத்தம் எங்கே பிறக்கிறது?

வெப்பநிலை காட்டும் மல்ட்டிமீட்டரிலிருந்து, இரு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்துச் செய்த உணரியான தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு முனைகளையும் சிறு செம்புக் கம்பியால் இணைத்தால், திரையில் சுழி வருவதில்லை. அறையின் வெப்பநிலை வருகிறது. உணரியே இல்லாதபோது கருவி எதை அளக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தெர்மோகப்பிளின் இயக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

இரு வேறு உலோகங்களை ஒரு சுற்றாக இணைத்து, ஒரு சந்தியை மட்டும் சூடாக்கினால் அருகிலுள்ள காந்த ஊசி விலகுவதை 1821இல் சீபெக் கண்டார். அவர் அதைக் காந்த விளைவு என்றே எண்ணினார். உண்மையில் சுற்றில் மின்சாரம் ஓடியது. இதுவரை பள்ளிப் பாடம். ஆனால் பல பாடநூல்கள் சந்தியையே ஒரு மின்கலம் போல வரைந்து காட்டுவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, ஏனெனில் மின்னழுத்தம் சந்தியில் பிறப்பதில்லை, கம்பியின் நீளத்தில் பிறக்கிறது.

ஒரே ஒரு உலோகக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால், சூடான பக்கத்து எலக்ட்ரான்களின் ஆற்றல் மிகுந்திருப்பதால் இரு திசைகளிலும் அவற்றின் பரவல் சமமாக இராது. ஒரு முனையில் எலக்ட்ரான்கள் சற்றே மிகுந்துவிட, அந்த மின்னூட்டம் உண்டாக்கும் மின்புலம் மேலும் பரவலைத் தடுக்கிறது. இரண்டும் சமப்படும் நிலையில் முனைகளுக்கிடையே மிகச் சிறிய மின்னழுத்தம் நிலைபெறுகிறது. எந்தப் பக்கம் மிகும், எவ்வளவு மிகும் என்பது அந்த உலோகத்தில் எலக்ட்ரான்கள் சிதறடிக்கப்படும் விதத்தைப் பொறுத்தது. ஒரே உலோகத்தில் போகவும் வரவும் கம்பி இழுத்தால் இரண்டிலும் எழும் மின்னழுத்தம் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் இரண்டு உலோகங்கள் தேவைப்படுகின்றன. நாம் அளப்பது அவற்றின் வேறுபாட்டை. தொழிற்சாலைகளில் பரவலாகப் பயன்படும் கே வகைத் தெர்மோகப்பிளில் ஒரு கம்பி குரோமெல், மற்றது அலுமெல், இரண்டுமே நிக்கல் கலவைகள். இரண்டும் சேர்ந்து ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தருகின்றன. உலைக்குள் ஒரே சீரான வெப்பத்தில் கிடக்கும் கம்பிப் பகுதி இதில் எதையும் சேர்ப்பதில்லை. வெப்பநிலை சரியும் இடத்தில், பெரும்பாலும் உலைச் சுவரைக் கடக்கும் பகுதியில்தான் மின்னழுத்தம் எழுகிறது. அந்தப் பகுதியில் கம்பியின் உலோகக்கலவை கெட்டுப்போனால், சந்தி புதிதுபோல இருந்தாலும் அளவீடு பிழைக்கும்.

இதிலிருந்து தவிர்க்க முடியாத ஒரு விளைவு வருகிறது. தெர்மோகப்பிள் தருவது வெப்பநிலையை அன்று, இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டை மட்டுமே. கம்பிகள் கருவியில் இணையும் முனையே குளிர்சந்தி. முன்பு அதை உருகும் பனிக்கட்டியில் வைத்து 0 டிகிரியில் நிறுத்தினார்கள். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் உரிய மின்னழுத்தத்தைத் தரும் அட்டவணைகள் இன்றும் அதே 0 டிகிரியை அடிப்படையாகக் கொண்டே அச்சாகின்றன. இன்றைய கருவி, தன் இணைப்பு முனைக்கு அருகில் ஒரு சிறிய தெர்மிஸ்டரையோ வேறொரு உணரியையோ வைத்து, அங்குள்ள வெப்பநிலையைத் தனியே அறிந்து அதைக் கணக்கில் சேர்க்கிறது. வாசகர் திரையில் கண்டது இந்த உணரியின் அளவீட்டைத்தான்: செம்புக் கம்பி தந்த மின்னழுத்தம் சுழி, எஞ்சியது குளிர்சந்தியின் வெப்பநிலை.

சேர்க்கும் முறையில்தான் கவனம் வேண்டும். உலை 500 டிகிரியில், இணைப்பு முனை 30 டிகிரியில் இருப்பதாகக் கொள்வோம். அட்டவணைப்படி 500க்கு 20.644 மில்லிவோல்ட், 30க்கு 1.203. கருவிக்குள் வருவது இவற்றின் வேறுபாடான 19.441. இதை நேராக அட்டவணையில் தேடினால் 471.8 டிகிரி கிடைக்கும். அதனுடன் 30ஐக் கூட்டினால் 501.8 வரும், ஏறக்குறைய சரிதான், ஆனால் சரியன்று. ஒரு டிகிரிக்குரிய மின்னழுத்தம் எல்லா வெப்பநிலையிலும் ஒன்றாக இல்லாததே காரணம். மின்னழுத்தங்களைக் கூட்டி, 20.644க்கு உரிய வெப்பநிலையைத் தேடினால்தான் 500 கிடைக்கும்.

கணக்கு சரியாக இருந்தும் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. உலைக்கு வெளியே, தெர்மோகப்பிள் கம்பிகள் முடியும், 60 டிகிரியில் இருக்கும் இணைப்புத் தலையிலிருந்து கருவி வரை, தெர்மோகப்பிளைப் போலவே மின்னழுத்தம் தரும் உலோகங்களாலான நீட்டிப்புக் கம்பிக்குப் பதிலாகச் சாதாரணச் செம்புக் கம்பியை இழுத்துவிட்டால், குளிர்சந்தி கருவியை விட்டு அந்தத் தலைக்கு இடம்பெயர்ந்துவிடும். இப்போது வரும் மின்னழுத்தம் 20.644இல் 2.436 போக 18.208 மட்டுமே. கருவிக்கு இது தெரியாது. தன் முனையின் 30 டிகிரிக்கு உரிய 1.203ஐக் கூட்டி, 500 டிகிரி உலையை 471 என்று காட்டும். கருவியின் முனைகளைச் செம்பால் இணைத்துப் பார்த்தால் அங்கே குறையொன்றும் தெரியாது, அறை வெப்பநிலை சரியாகவே வரும். ஆனால் உலையைச் சூடு மாறாமல் வைத்துக்கொண்டு இணைப்புத் தலையை மட்டும் காற்றடித்துக் குளிர்வித்தால் திரையின் எண் ஏறும். முறையான நீட்டிப்புக் கம்பி இருந்திருந்தால் அது அசைந்திருக்காது.